பார்க்காமல் போட்ட சொட்டு

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் அவளைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் எனக்கும் அக்காதான், எழுபது வயதுக் கிழவருக்கும் அக்காதான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. நோயாளியை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்து, மருந்தை ஒரு சொட்டு விட்டு, "மூடிக்கங்க, கசக்காதீங்க" என்று சொல்வது. இருபது நிமிஷம் கழித்து இன்னொரு சொட்டு. அந்த மருந்து கண்ணின் பாப்பாவை, அதாவது கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, அகலமாக விரித்துவிடும். விரிந்தால்தான் டாக்டரால் கண்ணுக்குள் பின்பக்கம் வரைக்கும் பார்க்க முடியும்.

நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கண்ணாடி பவர் பார்ப்பவன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அதனால் அவள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். அழுகிற பிள்ளையிடம், "எதுக்கு உன் தண்ணியச் செலவு பண்ற? இந்தா, நானே தர்றேன்" என்பாள். பிள்ளை சிரிப்பதற்குள் சொட்டு விழுந்திருக்கும். எரியுதே என்று கத்துகிற பெரிய மனிதர்களிடம், "எரியலேன்னாத்தான் சார் பயப்படணும்" என்பாள். அது உண்மையா பொய்யா என்று யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல் அவளுக்கு.

அவள் கதையை நல்லவிதமாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது நல்லவிதமாக இல்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் யோக்கியன் இல்லை.

அவளுக்குப் பதினாறு வயதில் அம்மா போய்விட்டாள். அப்போது தங்கைக்கு ஆறு வயது. அப்பா இருந்தார் என்று பேருக்குச் சொல்லலாம். தங்கைக்குத் தலை வாரியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, அம்மை போட்டபோது விடியும்வரை விசிறியது எல்லாம் இவள்தான். இந்த ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தாள். பிறகு ஃபைல் தூக்கினாள். ஒரு நாள் சொட்டு போடும் நர்ஸ் வராமல் போக, பாட்டிலை இவள் கையில் கொடுத்தார்கள். கை நடுங்கவில்லை. அன்றிலிருந்து பாட்டில் அவள் கையைவிட்டுப் போகவில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது. இரண்டு வருஷத்தில் அந்த ஆள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அதைப் பற்றிக் கேட்டால், "சனியன் விட்டுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பிள்ளைகள் இல்லை. தங்கையின் இரண்டு பிள்ளைகளும் இவளைப் பெரியம்மா என்று சொல்வதில்லை, பெரிம்மாம்மா என்பார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தங்கை ஸ்கூல் பை தைக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டினாள். நாற்பத்து நான்கு வயது. ஆறு வருஷமாகச் சர்க்கரை. அக்காவுக்கு வாய் நீளம் என்றால் இவளுக்குச் சிரிப்பு நீளம். ஆஸ்பத்திரிக்கு எப்போதாவது வந்தால், தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "பவர் சார், எங்கக்கா உங்களை நிம்மதியா விடுறாளா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இப்போது அந்த டிக் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

சொட்டு போடும் அறையின் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. சொட்டு போடுவதற்கு முன் டார்ச் அடித்து இரண்டு பாப்பாவும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்த்து, ஃபைலில் டிக் போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஏன் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. சொட்டு போட்ட பிறகு இரண்டு பாப்பாவும் தட்டு மாதிரி விரிந்துவிடும். முன்னால் எப்படி இருந்தது என்று அதற்கப்புறம் சாமியே வந்தாலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அந்த அட்டை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர் வரும் இடத்தில் ஆளுக்கு அரை நிமிஷம் டார்ச் அடித்தால் என்ன ஆகும்? வரிசை வாசல் தாண்டும். சொட்டுக்கு அப்புறம் மறுபடி பவர் பார்க்க என் அறைக்கு ஆள் வராமல் நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குப் போகும். எனக்குப் பசி தாங்காது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நான்தான் அவளிடம் சொன்னேன்: "அக்கா, காலையிலேயே எல்லா ஃபைல்லயும் டிக்கைப் போட்டு வச்சிருங்களேன். எவனுக்குப் பாப்பா கோணலா இருக்கப் போகுது?"

அவள் சிரித்தாள். மறுநாளிலிருந்து ஃபைல் கட்டு வந்ததும் வரிசையாக டிக் போட்டுவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிட்டாள். எனக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு கிடைத்தது. ஒரு தப்பும் நடக்கவில்லை. தப்பு நடக்காத ஒவ்வொரு நாளும் நாங்கள் செய்தது சரி என்றே பட்டது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை தங்கை வந்தாள். இடது கண்ணில் இமை இறங்கி, முக்கால்வாசி மூடியிருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. இடது புருவத்துக்குப் பின்னால் குடைகிற மாதிரி தலைவலி என்றாள். விஷயம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் ஒரு சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தவளுக்கு ஊசி இரண்டாகத் தெரிந்திருக்கிறது. எந்த ஊசியில் நூல் கோப்பது என்று தெரியாமல் முழித்ததைச் சொல்லிப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். திங்கட்கிழமை மெஷினும் இரண்டு, சூப்பர்வைசரும் இரண்டு. "ஒரு ஆளையே தாங்க முடியாது, ரெண்டா வந்து நின்னா?" என்று அக்காவிடம் போனில் சொன்னாளாம். செவ்வாய்க்கிழமை காலையில் இமை இறங்கிவிட்டது.

"இப்ப ரெண்டா தெரியலக்கா. அது சரியாயிடுச்சுன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

சரியாகவில்லை. ஒரு கண்ணை இமை மூடிவிட்டால் மற்றக் கண்ணால் ஒன்றாகத்தானே தெரியும். விரலால் இமையைத் தூக்கினால் மறுபடி இரண்டு வந்துவிடும். இது எனக்குத் தெரியும். சொட்டக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்காரியாக யோசிக்கவில்லை, அக்காவாக யோசித்தாள். தங்கை அரை நாள் லீவில் வந்திருக்கிறாள். பதிவு வரிசை நீளம். எப்படியும் டாக்டர் சொட்டு போட்டுட்டு வா என்றுதான் அனுப்புவார், இருபது நிமிஷம் வீண். பதிவுக்கு முன்னாலேயே போட்டுவிட்டால்?

"இங்க உக்காரு. அண்ணாந்து பாரு" என்று சொல்லி, கீழ் இமைகளை இழுத்து, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டாள். இடது கண் அண்ணாந்து பார்க்கவே இல்லை. மேல் இமை பாப்பாவை மூடியிருந்தது. அதைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை, டார்ச்சைத் தொடவும் இல்லை. இருபத்திரண்டு வருஷக் கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. நாங்கள் வேண்டியவர்களுக்குச் செய்யும் உதவி இப்படித்தான். வேண்டாதவர்களாக இருந்திருந்தால் வரிசையில் நின்றிருப்பார்கள், டாக்டரே முதலில் பார்த்திருப்பார்.

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டார். கண்ணைத் திருப்பிப் பார்க்க வைக்கும் சோதனைக்கு நான் உதவிக்குப் போவது வழக்கம் என்பதால் நானும் உள்ளே இருந்தேன். டாக்டரம்மா இமையைத் தூக்கினார். இடது கண் வெளிப்பக்கமாக, கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டு நின்றது. மேலே பார் என்றால் போகவில்லை. மூக்குப் பக்கம் பார் என்றாலும் போகவில்லை. கண்ணை அசைக்கும் மூன்றாவது நரம்பு செத்துப்போன மாதிரி கிடக்கிறது என்று எனக்கே தெரிந்தது. டாக்டரம்மா டார்ச்சை எடுத்தார். இரண்டு பாப்பாவும் அகலம். இரண்டும் சுருங்கவில்லை.

"யாரு சொட்டு போட்டது?"

"நான்தான் டாக்டர். சீக்கிரம் முடியட்டும்னு..." என்றாள் சொட்டக்கா.

டாக்டரம்மா கோபப்படுகிறவர் இல்லை. ஆனால் டார்ச்சைக் கீழே வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. "என்னைக் கேக்காம போட்டுட்டீங்களே. சரி, போடுறதுக்கு முன்னாடி பாப்பாவப் பாத்தீங்களா?"

ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும்.

"பாத்தேன் டாக்டர். ரெண்டும் ஒரே அளவு. வெளிச்சத்துக்கு நல்லாச் சுருங்குச்சு."

அவள் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு டார்ச் சுவிட்சின் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் அந்தப் பொய் எனக்குப் பொய்யாகவே படவில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை பேனாவால் சொல்கிற பொய்யை அன்றைக்கு அவள் வாயால் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்தவனே நான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த ஆள், அவர் ஏன் நம்ப மாட்டார்? தங்கையின் பக்கம் திரும்பி, நிதானமாகவே சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. சர்க்கரை இருக்குறவங்களுக்கு இந்த நரம்புக்கு ரத்தம் போறது கொறஞ்சு இப்படி வரும். தலைவலியும் வரும். மூணு மாசத்துல பெரும்பாலும் சரியாயிடும். நான் பயந்தது வேற. இந்த நரம்பு மூளையில இருந்து வர்ற வழியில ஒரு ரத்தக்குழாய ஒட்டிப் போகுது. அந்தக் குழாய் பலூன் மாதிரி உப்புனா நரம்ப அழுத்தும். பாப்பாவச் சுருக்குற இழையெல்லாம் நரம்போட வெளிப்பக்கத்துல இருக்கு. அதனால வெளியில இருந்து அழுத்துனா பாப்பா பெருசாயிடும், சுருங்காது. சர்க்கரை நரம்ப உள்ளுக்குள்ளதான் கெடுக்கும், வெளி இழைய பெரும்பாலும் விட்டுடும். உங்களுக்குப் பாப்பா நல்லா இருந்திருக்கு. அதனால நிம்மதி. பெருசா இருந்திருந்தா இந்நேரம் ஆம்புலன்ஸ்ல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். உப்புன குழாய் எந்த நிமிஷமும் வெடிக்கலாம்."

தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அவசரமில்லை, இந்த வாரத்துக்குள் எடுத்தால் போதும் என்றார். நாளை மறுநாள் சொட்டு போடாமல் வந்து பாப்பாவைக் காட்டச் சொன்னார். தங்கை எழுந்து, மூடிய கண்ணோடு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

சுவரில் ஒட்டியிருந்த அட்டைக்கு என்ன அர்த்தம் என்பது சொட்டக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்குப் படிக்கும்போது சொன்னார்கள். நான் அதைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோனேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "அக்கா, நெஜமாவே பாத்தீங்களா?"

"உங்களுக்கு ஆள் இல்லையா உள்ள? போய் வேலையப் பாருங்க" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. இரண்டு தடவை டாக்டரம்மாவின் கதவு வரைக்கும் போனதைப் பார்த்தேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தாள். கேட்காமல் சொட்டு போட்டது ஒரு குற்றம், பார்க்காமலே பார்த்தேன் என்றது இன்னொன்று. சொன்னால் வேலை போகும் என்று பயந்தாளா, மானம் போகும் என்று பயந்தாளா, எனக்குத் தெரியாது. சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு அதுவாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். நானும் போய்ச் சொல்லவில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டேன்.

மருந்தின் வேகம் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும், மறுநாள் காலைக்குள் சுத்தமாகப் போய்விடும். அதற்கு மேலும் ஒரு பாப்பா விரிந்தே இருந்தால் அது மருந்தின் வேலை இல்லை. சொட்டக்காவுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். புதன்கிழமை விடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை அடுப்படியில் நின்று பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். அவளை ஜன்னல் பக்கமாக நிறுத்தி வலது கண்ணில் டார்ச் அடித்தாள். பாப்பா மிளகு போலச் சுருங்கியது. இடது இமையைத் தூக்கினாள். பாப்பா அகலமாக விழித்துக்கொண்டு நின்றது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள், விலக்கினாள், மறுபடி கிட்டே கொண்டுபோனாள். அது அசையவில்லை.

"செருப்பப் போடு" என்றாளாம் தங்கையிடம். "புடவைய எல்லாம் மாத்த வேண்டாம், செருப்ப மட்டும் போடு."

எட்டு மணிக்கு டாக்டரம்மா காரை விட்டு இறங்கும்போது இருவரும் வாசலில் நின்றார்கள். நானும் அப்போதுதான் வந்தேன். சொட்டக்கா சுற்றி வளைக்கவில்லை. "நேத்து நான் பாக்கல டாக்டர். பாத்தேன்னு பொய் சொன்னேன். இன்னைக்கு மருந்து எறங்கிடுச்சு, இடது பாப்பா மட்டும் பெருசாவே இருக்கு." அவ்வளவுதான். டாக்டரம்மா வாசல் வெளிச்சத்திலேயே இமையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் மூளை அறுவை டாக்டரைக் கூப்பிட்டு, "மூணாவது நரம்பு, பாப்பா விரிஞ்சிருக்கு, தலைவலி, இப்பவே அனுப்புறேன்" என்றார்.

பத்தரை மணிக்கு ரத்தக்குழாய்க்கு மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். நரம்புக்குப் பக்கத்தில் போகும் குழாயில், கிளை பிரியும் இடத்தில், பின்பக்கமாகக் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு உப்பல். மறுநாள் காலை முதல் கேஸாக ஆபரேஷனுக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அதுவரை அசையாமல் படுத்திருக்க வேண்டும், ரத்தக்கொதிப்பு ஏறக்கூடாது. தங்கையின் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஏதோ ஒரு கட்டிடத்தின் எட்டாவது மாடியிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தார். தங்கை அவரிடம், "பிள்ளைங்களுக்கு டிபன் பாதி கட்டிட்டு வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

மூன்று மணிக்கு, கட்டிலில் படுத்திருக்கும்போதே, தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். வாந்தி எடுத்தாள். பிறகு கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. உப்பல் வெடித்துவிட்டது. உடனே தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். குழாயை அடைத்து ரத்தத்தையும் நிறுத்தினார்கள். அதற்குள் மூளை ரத்தத்தில் நனைந்துவிட்டது. ஆறு நாள் மூச்சு மெஷினில் கிடந்தாள். ஏழாவது நாள் காலையில் போய்விட்டாள்.

அறுவை டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குத்தான் எதைச் சொல்லக்கூடாது என்று தெரிவதில்லை. "நேத்து இந்நேரம் வந்திருந்தா இன்னைக்குக் காலையில தியேட்டர்ல இருந்திருப்பாங்க" என்று, வெடித்த அன்றைக்கே தியேட்டரை விட்டு வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரருக்கு அந்த வாக்கியம் விளங்கவில்லை. சொட்டக்காவுக்கு விளங்கியது.

இதற்கு மேல்தான் கொடுமை. காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் தங்கையின் வீட்டுக்காரர், "அக்கா மட்டும் இல்லேன்னா என்ன வியாதின்னே தெரிஞ்சிருக்காது. காலையில டார்ச்சோட வந்தாங்க. ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டாங்க" என்று சொன்னார். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் அவள் மடியில் படுத்துக்கொண்டார்கள். அவள் அவர்கள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, "நீங்க போயிட்டா நாளைக்கு வர்றவங்களும் பாக்காமத்தான் டிக் போடுவாங்க. நீங்க இருங்க" என்றார். அது மன்னிப்பா தண்டனையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மறுநாளிலிருந்து சொட்டக்கா ஒவ்வொரு கண்ணையும் பார்த்தாள். இமை இறங்கியிருந்தால் தூக்கிப் பார்த்தாள். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய், விலக்கி, மறுபடி கிட்டே கொண்டுபோய், அதற்கப்புறம்தான் டிக். வரிசை வாசல் தாண்டியது. "என்னம்மா, கண்ணுக்குள்ள படமா ஓடுது?" என்று ஒருவர் கேட்டார். பழைய சொட்டக்காவாக இருந்தால் அவருக்குச் சுடச்சுடப் பதில் கிடைத்திருக்கும். இவள் அண்ணாந்து பாருங்க என்று மட்டும் சொன்னாள். எனக்கு இப்போது மூன்று மணிக்குத்தான் சாப்பாடு. நான் வாய் திறப்பதில்லை.

நான்கு மாதம் கழித்துத் தங்கையின் வீட்டுக்காரர் கண் காட்ட வந்தார். நாற்பத்தெட்டு வயது, கிட்டத்தில் வயர் நிறம் சரியாகத் தெரியவில்லையாம். நான் பவர் பார்த்துச் சொட்டுக்கு அனுப்பினேன். ஆள் பாதியாகியிருந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம், "இவங்க என் சம்சாரத்தோட அக்கா. டாக்டரே கவனிக்காதத இவங்கதான் கண்டுபிடிச்சாங்க" என்று ஆரம்பித்தார்.

"தம்பி" என்றாள் சொட்டக்கா. "நிறுத்துங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் எழுந்து நின்றேன். என் முன்னால் இருந்தவர் எழுத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்.

அவள் சொன்னாள். மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். முதல் நாளே வந்தது, வரிசையில் நிற்க வேண்டாமே என்று சொட்டு போட்டது, பார்க்காமலே பார்த்தேன் என்றது, அந்தப் பொய்யால் டாக்டர் நிம்மதியாக அனுப்பி வைத்தது. "அந்த ஒரு நாளத் தின்னது நான்தான் தம்பி. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல இத்தன நாளாச்சு. என்ன பண்ணணுமோ பண்ணுங்க." பவர் சார் சொல்லிக் கொடுத்த டிக் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று எதிர்பார்த்துக் கதவோரம் வந்து நின்றுவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் அடிப்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ விவரம் கேட்பது போலக் கேட்டார்.

"அன்னைக்கு சாயங்காலம் அவ உங்களுக்கு போன் பண்ணாளே, அப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியும் என்று சொட்டக்கா தலையாட்டினாள்.

எனக்கு அந்த போன் விஷயம் அதுவரை தெரியாது. அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார் அவர். "தலைவலி தாங்கல, ஆறு மணி இருக்கும். ஆட்டோ வாசல்ல நிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு சட்டையெல்லாம் போட்டுட்டேன். அவதான் இருங்க, அக்காவக் கேட்டுக்கிறேன்னா. நீங்க ஒண்ணும் இல்லடி, மாத்திரையப் போட்டுட்டுப் படுன்னு சொன்னீங்க. போன வச்சிட்டு என்னையப் பாத்து சிரிச்சா. ஆட்டோவ அனுப்பிடுங்க, அக்காவே சொல்லிட்டான்னா."

சொட்டக்கா நின்றுகொண்டே இருந்தாள். அவர் எழுந்து, அவளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, சொட்டு போட்டுக்கொள்ளாமலே வெளியே போனார்.